விரதத்துக்கு நான் போட்ட ‘ப்’

அக்காவின் ஆபரேஷன் தாளைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது காரியம், அதில் ஓர் ஒற்றெழுத்தைத் திருத்தியது. மூன்றாவதாக ஒரு காரியம் இருந்தது. அதைச் செய்வதற்குத்தான் எனக்குக் கூலி கொடுக்கிறார்கள். அதை மட்டும் நான் செய்யவில்லை.

என் பிழைப்பு இதுதான்: இயந்திரம் மொழிபெயர்த்துத் தள்ளுகிற தமிழை மனிதர் வாசிக்கிற தமிழாக்குவது. ஈப்போவில் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருப்பேன். திரையின் இடப்பக்கம் ஆங்கிலமோ மலாயோ இருக்கும், வலப்பக்கம் இயந்திரம் கக்கியது இருக்கும். வினைச்சொல் வாக்கியத்தின் தலையில் குந்தியிருக்கும். அதை இறக்கிக் கடைசியில் உட்கார வைக்க வேண்டும். ‘செய்யப்படும்’, ‘வழங்கப்படும்’ என்று ஆளே இல்லாமல் காரியம் நடக்கும். ஆளைத் தேடிப் பிடித்து உள்ளே போட வேண்டும். வங்கி என்றால் ஆற்றங்கரை, கொக்கு என்றால் பளுதூக்கி என்று அது ஒன்றை நினைத்து இன்னொன்றைச் சொல்லும். அதையும் பிடிக்க வேண்டும்.

வேலை அனுப்பும் ஒருங்கிணைப்பாளர் எனக்கு ஒரே ஒரு மந்திரம்தான் ஓதுவார். “அண்ணே, லைட் எடிட் போதும்லா. அர்த்தம் தப்பா இருந்தா மட்டும் தொடுங்க. அழகுபடுத்திக்கிட்டு இருக்காதீங்க.”

நான் அழகுபடுத்துகிறவன். அழகாக இருந்துவிட்டால் அர்த்தத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறவன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு முடித்துவிட்டேன்.

அக்கா இருப்பது சுங்காயில். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் செம்பனையாகி, லயன் வீடுகளை இடித்துத் தள்ளிய பிறகு, அங்கேயே பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிக் கொண்டார். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். நாசி லெமாக், மீகூன் கோரிங், கறிபாப் எல்லாம் அவர் கை. பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தான் பொரித்த எதையும் தானே வாயில் வைக்க முடியாத நிலை. எண்ணெய் உள்ளே போனால் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும். முதுகுப் பக்கம் தோள் வரை ஏறும். கேன்டீன் அடுப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். வலி விடுகிறவரை பிள்ளைகள் காசை மேசைமேல் வைத்துவிட்டு தாங்களே எடுத்துக்கொண்டு போகும்.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. பெயர் வேண்டாம். தாளும் கொடுத்தார்கள். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நாலு மொழியில், நாலு கட்டத்தில், வழவழப்பான தாள். அக்கா தமிழ்க் கட்டத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு குரல் பதிவு.

“டேய் தம்பி, இது என்னாடா எழுதிருக்கு? நீ இந்த வேலதானே பாக்குற? கொஞ்சம் படிச்சு சொல்லு.”

படித்தேன். முதல் வரியே விருந்து. “தயவுசெய்து கொண்டு வாருங்கள் உங்கள் அடையாள அட்டை மற்றும் அனைத்து மருந்துகளையும் நீங்கள் தற்போது எடுத்துக்கொண்டிருக்கும்.” அதற்குக் கீழே, நோயாளி “இயக்கத் திரையரங்கிற்கு” மாற்றப்படுவாராம். “ஆணி மெருகு” அணியக் கூடாதாம். வீட்டுக்குத் திரும்பிய பின் தோல் மஞ்சளாக இருந்தாலோ, “உங்கள் முக்காலி வெளிறியிருந்தாலோ” உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டுமாம்.

இதற்கெல்லாம் மூலம் என்ன என்று என் மாதிரி ஆளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆபரேஷன் தியேட்டரை இயந்திரம் சினிமாக் கொட்டகையாக்கிவிட்டது. நகச்சாயத்தில் நகம் போய் ஆணி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் மலத்துக்கும் முக்காலிக்கும் ஒரே சொல். ஆகவே பித்தநீர் சரியாக இறங்காமல் மலம் வெளுத்துப் போவதை எச்சரிக்க வேண்டிய வரி, தட்டுமுட்டுச் சாமானைப் பற்றிய வரியாகிவிட்டது.

நான் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, தொலைபேசியில் ஒரு கச்சேரியே நடத்தினேன். அக்காவின் கணவர், என் மச்சான், பின்னாலிருந்து கத்தினார்.

“முக்காலி வெளிறினா என்னா மச்சான் பண்றது? சாயம் அடிக்கலாமா?”

“பொறுப்பான வயதுக்கு வந்தவர் ஒருவர் உங்களுடன் வர வேண்டும்னு போட்டிருக்கு,” என்றேன்.

அக்கா சொன்னார்: “வயசுக்கு வந்தவரு இருக்காரு. பொறுப்பானவருக்கு எங்க போறது?”

இப்படிக் கும்மாளமாகப் போயிற்று. கடைசியில் என் தொழில் கௌரவம் கிளம்பி, படத்தின் மேல் சிவப்பில் வட்டம் போட்டுத் திருத்தி அனுப்பினேன். ஆணிக்கு நகம், முக்காலிக்கு மலம், எல்லாம் சரி. அதிலே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. “நள்ளிரவுக்கு பிறகு விரதம் இருக்கவும்.” வினைச்சொல் அதன் இடத்தில் இருந்தது. சொற்கள் எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். யாரோ மனிதன் எழுதியது போல இருந்தது. ஒரே குறை, ‘நள்ளிரவுக்கு’வுக்கும் ‘பிறகு’க்கும் நடுவே ‘ப்’ இல்லை. போட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு விரதம் இருக்கவும். அந்த முழுத் தாளில் எனக்குத் திருப்தியான வரி அதுதான்.

அக்காவிடம் சொல்லவும் செய்தேன். “அந்த விரத வரி மட்டும் நல்லா இருக்கு. ஒரு ‘ப்’ தான் விட்டுப்போச்சு.”

“ப்-பா? அது இல்லாட்டி உயிர் போயிடுமா?”

“மொழிக்கு உயிர் போயிடும்,” என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

ஆபரேஷன் அன்று காலை மச்சான் காரில் அக்கா வந்திறங்கினார். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, பளிச்சென்று இருந்தார். நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். உள்ளே நர்ஸ் மிஸி ஒருவர், மலாய்ப் பெண், நல்ல முகம், கைப்பட்டை கட்டிக்கொண்டே கேட்டார். “புவாசா, அக்கா?” மலாயில் நோன்புக்குப் புவாசா. அக்கா தலையாட்டினார். “புவாசா, புவாசா.”

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. உடுப்பு மாற்றி, கட்டிலில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். இளம் பெண், சீனர், மலாயில் பேசினார். அவர் மிஸியைப் போல இல்லை, இரண்டாவது கேள்வி கேட்டார். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எப்போது?

அக்கா சந்தோஷமாகச் சொன்னார். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு தம்ளர் பாலும் ஒரு பீசாங் மாஸ் வாழைப்பழமும்.

டாக்டர் பேனாவை மூடினார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும். புரிந்தது டாக்டர் விளக்கியபோதுதான். மயக்க மருந்து கொடுத்தால் தொண்டை தன் காவலை விட்டுவிடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம், உயிருக்கே ஆபத்து. பால் தண்ணீர் இல்லை, வயிற்றில் திரைந்து கெட்டியாகிவிடும், ஆகவே அது உணவுக் கணக்கு. இன்று முடியாது. வேறு தேதி.

“நான் வெரதம்தானே இருந்தேன்?” என்று அக்கா என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்க்கவில்லை. “சோறு தொட்டேனா? கவிச்சி தொட்டேனா? வெள்ளிக்கெழம எப்பிடி இருப்பேனோ அப்பிடித்தான் இருந்தேன்.”

“அக்கா, மிஸி புவாசான்னுதானே கேட்டாங்க? புவாசான்னா தண்ணிகூடக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்டா. அம்பது வருசமா மலாய்க்காரங்களோட இருக்கேன், எனக்கு நீ சொல்லணுமா? அவுங்களுக்குப் புவாசா, நமக்கு வெரதம்னு பிரிச்சுப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். நாலு பாஷையில நாலு கட்டம் போட்டு அச்சடிச்சவனுக்குத் தெரியாமயா போட்டிருப்பான்? பெரிய ஆஸ்பத்திரி, எவ்ளோ மரியாதயா நம்ம பழக்கத்தப் பாத்து எழுதிருக்கான்னு மச்சான்கிட்ட சொல்லிக்கிட்டே பழத்த உரிச்சேன்.”

மச்சான் மெல்லச் சொன்னார். “அவ சொன்னா. நானும் ஒரு பழம் சாப்ட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா உடுப்பை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். காரில் ஏறும்போது நின்று, “ப் போட்டிருந்திச்சு,” என்றார். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். சினிமாக் கொட்டகையும் ஆணியும் முக்காலியும் யாரையும் கொல்லாது. படித்தவுடனே தெரிந்துவிடும், இது கோளாறு, யாரிடமாவது கேட்போம் என்று. முரட்டுத் தமிழ் ஒருவகையில் நல்லது, அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். விரத வரிதான் சரியான திருடன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசல் வழியாக வந்தவன். நான் அவனுக்கு வணக்கம் சொல்லி, வேட்டியில் கசங்கலை நீவிவிட்டு உள்ளே அனுப்பி வைத்தேன்.

என் மேல் கோபம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என்னைத் தின்றது. மலாய்க் கட்டத்தை ஒரு டாக்டர் படித்திருப்பார். ஆங்கிலத்தைப் பத்துப் பேர் படித்திருப்பார்கள். சீனத்தை அங்கே வேலை பார்க்கிற சீனர் யாராவது, ‘ஏய், இது என்ன’ என்று கேட்டிருப்பார். தமிழ்க் கட்டத்தை அச்சுக்குப் போகுமுன் ஒரு ஜீவன் வாசித்திருந்தால் முக்காலி முக்காலியாகவே போயிருக்குமா? யாரும் வாசிக்கவில்லை. வாசிப்பதற்காக அது போடப்படவும் இல்லை. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் தாள் அசிங்கமாக இருக்கும், அதற்காகப் போட்டது. தமிழ் அங்கே சுவர்ச் சித்திரம். அந்தச் சித்திரத்தை நம்பி ஒரு பெண்பிள்ளை வயிற்றைக் கொடுக்கப் போனாள்.

இயந்திரத்தை நான் திட்டவில்லை. அது என் சோறு. அதற்கு வெள்ளிக்கிழமை தெரியாது, புரட்டாசி தெரியாது. ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனிதர்களுக்குத் தெரியாதா?

அடுத்த தேதி மூன்று வாரத்தில் என்றார்கள். அதற்குள் அக்காவுக்கு இன்னொரு முறை வலி வந்துவிட்டது, கேன்டீனில், மணியடிக்கிற நேரத்தில். மச்சான் கூப்பிட்டுச் சொன்னார். வலி ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டதாம், ஆனால் அதற்குள் அடுப்பில் கறிபாப் கருகிப் போயிற்றாம், அக்கா அதற்குத்தான் அழுதாராம். நான் தொலைபேசியை வைத்தேன், தாளை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தாள்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி மூன்றாவது மாடியில் இருந்தார். தமிழ்ப் பெண்தான், முப்பது முப்பத்தைந்து வயசு. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர், தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதை மறைக்கவுமில்லை.

“அங்கிள், சாரி லா, ரொம்ப சாரி. உங்க அக்காவுக்கு இப்படி ஆச்சுன்னு எனக்கு இப்பதான் தெரியும். நாங்க ஆன்லைன்ல போட்டு எடுத்தோம். நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?”

“யாரு சொன்னா?”

அவர் யோசித்தார். யாரும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் மெல்ல எழுதிக்கொண்டு வந்தது.

நான் சும்மா செய்து தருகிறேன் என்றேன். காசு வேண்டாம், அக்காவின் தேதிக்கு முன்னால் புதுத் தாள் வர வேண்டும், அவ்வளவுதான். அவர் ஆங்கில மூலத்தைக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ‘லைட் எடிட்’ இல்லை, வேரோடு பிடுங்கி நட்டேன். “ஐசி அடையாள அட்டையையும், இப்போது சாப்பிட்டு வரும் மருந்து மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.” மருந்து வரி இயந்திரத்தில், “நிறுத்த வேண்டாம் மருந்துகளை உங்கள் மருத்துவர் அறிவுறுத்தாத வரை” என்று இரண்டு இல்லைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உடைத்தேன். “வழக்கமான மருந்துகளை விடாமல் சாப்பிடுங்கள். டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.”

விரத வரிக்கு மட்டும் நாலு வரி ஆயிற்று. “நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறகு எதையும் சாப்பிடக் கூடாது. பசியாறவும் கூடாது. பால், பழம், பிஸ்கட், கோப்பி, தேத்தண்ணீர் எதுவும் கூடாது. காலை ஆறு மணி வரை பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், அதற்குப் பிறகு அதுவும் கூடாது.” ஆறு மணிக் கணக்கு மயக்க டாக்டரைக் கேட்டுப் போட்டது. பசியாறலைத் தனியாகப் போட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஆட்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. காலையில் ரொட்டி சானாய் உள்ளே தள்ளுவது சாப்பாட்டில் சேராது, அது பசியாறுவது. ‘சாப்பிட்டியா?’ என்றால் ‘இல்லை, பசியாறினேன்’ என்பார்கள். பொய்யும் இல்லை.

அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம்.

“அங்கிள், நீங்க எழுதினத நாங்க செக் பண்ணோம்.”

“யாரு செக் பண்ணா?” எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

“திருப்பி இங்கிலீஷுக்கு மாத்திப் பாத்தோம். சிஸ்டத்துல.”

“எந்த சிஸ்டத்துல?”

“அதே... அதே ஆன்லைன்தான்.” பிறகு அவசரமாகச் சொன்னார். “அதுல ‘காலை ஆறு மணி வரை பச்சை நிறத் தண்ணீர் மட்டும்’னு வருது அங்கிள். டாக்டர் கேக்குறாரு, என்ன பச்சைத் தண்ணி, ஹெர்பலா? அப்புறம் ‘பசியைத் தீர்க்கக் கூடாது’ன்னு வருது. கொஞ்சம் ரூடா இருக்கு. அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு லைன் இருக்கு, உங்க தமிழ் நாலு லைன். கட்டத்துல நிக்காது லா.”

எனக்கு வந்த கோபத்தில் மின்விசிறி நின்றுவிட்டது போல இருந்தது. உண்மையில் நின்றும்தான் போயிருந்தது, மனைவி சுவிட்சைத் தட்டியிருந்தாள். திருடனைக் கூப்பிட்டுப் போலீஸின் வேலையை மதிப்பிடச் சொல்கிறார்கள்! எந்த இயந்திரம் என் அக்காவுக்குப் பழம் ஊட்டிவிட்டதோ, அதே இயந்திரம் என் பச்சைத் தண்ணீருக்கு நிறம் பூசுகிறது. அதைச் சாட்சியாக வைத்து என் தமிழை விசாரிக்கிறார்கள்.

“அம்மா, நான் வாரேன்,” என்றேன்.

“போன்லயே பேசலாமே...”

“வாரேன்.”

போனேன். வாய் நிறைய வசவுகளைக் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் வசவு வரவில்லை. அவருக்கு மேலே ஒரு டாக்டர், அதற்கு மேலே ஒரு நிர்வாகி. தமிழ் வாசிக்கத் தெரியாமல் தமிழுக்குப் பொறுப்பாக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், பேர் தமிழ்ப் பேராக இருப்பதால். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “என் பேச்ச நம்ப வேணாம். சிஸ்டத்தையும் நம்ப வேணாம். கீழ கிளினிக்ல உக்காந்திருக்காங்களே, அவுங்ககிட்ட கேப்போம். வாங்க.”

வந்தார். அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

கீழே மூட்டு வலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கழுத்தில் அட்டையோடு நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். “ஆபரேஷனுக்கு முன்னாடி விரதம் இருங்கன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

முதலில் பதில் சொன்னது தொப்பை போட்ட ஒரு லாரி டிரைவர். “நான் புரட்டாசி சனிக்கெழம இருப்பேன் லா. கோழி, ஆடு தொடமாட்டேன். பியர் மட்டும் கொஞ்சம்.”

“அது வெரதமாய்யா? ஒங்க வீட்டுச் சாமிக்கு ஒங்களத் தெரியும்போல,” என்று பக்கத்திலிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெலுக் இந்தானிலிருந்து வந்தவராம். “நான் வெள்ளிக்கெழம ஒரு நேரம்தான் சோறு. காலையில கோப்பி, ராத்திரிக்குப் பழம். ஆபரேஷன்னா இன்னும் சுத்தமா இருப்பேன்.”

“பாலும் பழமும்,” என்றது பின்வரிசை. “எளநி,” என்றது இன்னொரு குரல். மரக்கறி போதும் என்றார் ஒருவர். சாமியைக் கும்பிட்டுக்கிட்டா போதும் என்றார் ஒருவர். அதிகாரி கையிலிருந்த பேனா கீழே இறங்கியிருந்தது.

சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் கடைசியாக வாயைத் திறந்தார். “அது ஒங்க வெரதம். நான் சஷ்டிக்குப் பச்சத்தண்ணிகூட பல்லுல படாம இருப்பேன்.”

அதிகாரி திடுக்கிட்டு அவர் பக்கம் திரும்பினார். “ஆன்ட்டி, பச்சத்தண்ணின்னா... பச்சை கலர்ல இருக்குமா?”

அந்தக் கிளினிக்கே சிரித்தது. மூட்டுவலிக்காரர்கள் முழங்காலைத் தட்டிச் சிரித்தார்கள். லாரி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொழாத் தண்ணி லா, மிஸ்! சுட வைக்காத, ஒண்ணும் கலக்காத வெறும் தண்ணி!” என்றார்.

அதிகாரியின் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். மேலே போகிற லிஃப்டில் என்னைப் பார்க்காமல் சொன்னார். “அங்கிள், நாலு லைனும் போடுவோம். கட்டத்தப் பெருசாக்குறேன். ஆனா அந்தப் பச்சையை எடுத்துருங்களேன். டாக்டர் கேட்டா எனக்கு விளக்க முடியாது. அவுங்களே வெறும் தண்ணின்னுதானே சொன்னாங்க?”

சண்டை போட்டிருப்பேன். பச்சைத் தண்ணீர் எவ்வளவு நல்ல சொல் தெரியுமா என்று ஆரம்பித்திருப்பேன். ஆனால் ‘வெறும் தண்ணீர்’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, அடுத்த முறை அந்தத் தாளை எவன் எந்த மிஷினில் போட்டாலும் அதற்கு நிறம் பூச முடியாது. நான் அழகுபடுத்துகிறவன். அழகை விட்டுக்கொடுத்தேன். வலித்தது, விலாவுக்குக் கீழே.

புதுத் தாள் அக்காவின் தேதிக்கு முன்பே அச்சாகி வந்தது. தமிழ்க் கட்டம் மற்ற மூன்றைவிடப் பெரிதாக, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் கோபம் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் எத்தனை தாள் இருக்கும்? சர்க்கரைக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் ஊசிக்கு ஒன்று. அதில் எத்தனை முக்காலி, எத்தனை விரதம்? அதிகாரியிடம் கேட்டேன். “ஒண்ணொண்ணா அனுப்புறேன் அங்கிள்,” என்றார். நல்ல பெண். ஆனால் ஒன்றுக்குத்தான் என் அக்கா பாலைக் குடித்துக் காட்டினார். மற்றதற்கெல்லாம் யார் குடித்துக் காட்டுவது?

ஆபரேஷனுக்கு முந்திய நாள் அக்காவைக் கூப்பிட்டு, தாளை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். விரதம் என்ற சொல்லே எங்கும் இல்லை.

“இதுல ‘ப்’ எல்லாம் சரியா இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப பயமா இருக்கு.”

காலையில் வந்தார். தலைக்குக் குளித்திருந்தார், திருநீறு இருந்தது, வயிறு காலி. மயக்க டாக்டர் கேட்டார், கடைசியாக என்ன, எப்போது. வெறும் தண்ணீர், ஆறு மணிக்கு முன்னால். டாக்டர் பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு எழுதினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ‘இயக்கத் திரையரங்கு’க்கு. கதவு மூடுகிறவரை மச்சானும் நானும் அந்தக் கட்டிலின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். காத்திருந்த நேரத்தில் அவர் ஒரு தரம்கூட வேடிக்கை பேசவில்லை. கடையில் வாங்கி வந்த கோப்பி அவர் கையில் ஆறிப் போனது. என் வாழ்க்கையில் நான் திருத்திய அத்தனை வரிகளும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. அதில் வெள்ளை வேட்டி கட்டினது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

கல்லோடு பையை எடுத்துவிட்டார்கள், எல்லாம் நல்லபடி என்று சொன்னார்கள். மதியத்துக்கு மேல் உள்ளே விட்டார்கள். அக்கா மயக்கம் முழுசாகத் தெளியாமல், உதடு வறண்டு, கண்ணைப் பாதி திறந்து கிடந்தார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து, தொழில் மறந்து, வெறும் தம்பியாகக் கேட்டேன்.

“அக்கா, எப்பிடி இருக்கு?”

அவர் என் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“பித்தப்பையோட ஒன் ‘ப்’பையும் எடுத்துட்டாங்க.”